ஃபிளாட் ஸ்லாபில் டிராப் பேனலை எடுத்துவிடலாமா? பஞ்சிங் கணக்கு ஒத்துவரவில்லை

தளமட்டம் எழுதியது:

வணக்கம். பீம் இல்லாத ஃபிளாட் ஸ்லாப் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். தூண்கள் இரு திசையிலும் 7 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. தூண் 400 × 400 மி.மீ., ஸ்லாப் 225 மி.மீ., கான்கிரீட் எம்30. சொந்த எடை, தரைப்பூச்சு, தடுப்புச் சுவர், பயன்பாட்டுச் சுமை எல்லாம் சேர்ந்து ச.மீ.க்கு 11.1 கிலோநியூட்டன். 1.5 மடங்கு காரணி போட்டால் 16.7.

வளைவுக்கான கம்பி நியாயமான அளவில் வருகிறது. தொய்வும் எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் உள் தூண்கள் ஒவ்வொன்றிலும் பஞ்சிங் ஷியர் தோற்றுவிட்டதாக மென்பொருள் சிவப்பில் காட்டுகிறது. என் மேலாளர் "டிராப் போடு", அதாவது தூணைச் சுற்றி மட்டும் ஸ்லாபை அடியில் தடிப்பாக்கு என்கிறார். கட்டடக் கலைஞரோ கூரையின் அடிப்பக்கம் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், காற்றுக் குழாய்கள் தூணை ஒட்டிப் போகின்றன என்கிறார்.

ஸ்லாப் முழுவதும் போதுமான வலுவோடு இருக்கும்போது தூணடியில் மட்டும் ஏன் இந்தச் சிக்கல்? ஸ்லாபைக் கொஞ்சம் தடிப்பாக்கினாலோ கம்பியைக் கூட்டினாலோ டிராப் இல்லாமல் தப்பிக்க முடியாதா?

---

நீலவரைவு எழுதியது:

தூண் வெட்டில் தோற்கிறது என்றால் தூணின் ஸ்டிரப்களை மேல் முனையில் நெருக்கமாகக் கட்டுங்கள். 100 மி.மீ. இடைவெளியில் வைத்தால் சரியாகிவிடும். இதற்கு ஸ்லாபைத் தொடவே தேவையில்லை.

---

பழைய_சாரம் எழுதியது:

நீலவரைவு, இங்கே தோற்பது தூண் அல்ல. தூணுக்கு ஒன்றும் ஆவதில்லை. அது நின்ற இடத்தில் அப்படியே நிற்கும், அதைச் சுற்றியுள்ள ஸ்லாப் அறுந்து கீழே இறங்கும். தூணுக்குள் எவ்வளவு ஸ்டிரப் கட்டினாலும் அந்த வெடிப்பை அது சந்திக்கவே சந்திக்காது. வெடிப்பு தூணின் முகத்தில் ஸ்லாபின் அடிப்பக்கத்தில் இருந்து புறப்பட்டு, சாய்வாக மேலேறி, ஸ்லாபின் மேற்பரப்பில் தூணைச் சுற்றி ஒரு வளையமாக வெளிவருகிறது. சாய்வு ஏறத்தாழ 25 முதல் 35 பாகை. கவிழ்த்து வைத்த கூம்பு வடிவில் ஒரு கட்டி தூணோடு ஒட்டிக்கொண்டு நிற்க, மீதி ஸ்லாப் அதிலிருந்து உருவிக்கொண்டு போய்விடும்.

தளமட்டம் கேட்ட "ஏன் தூணடியில் மட்டும்" என்பதற்குப் பதில் இந்த வளையத்தில்தான் இருக்கிறது. 49 ச.மீ. பரப்பின் சுமை முழுவதும் ஒரு தூணுக்குள் இறங்கியாக வேண்டும். தூணில் இருந்து 3 மீட்டர் தள்ளி அந்தச் சுமை மிக நீளமான சுற்றளவில் பரவியிருக்கிறது, அழுத்தம் மிகக் குறைவு. தூணை நெருங்க நெருங்கச் சுற்றளவு சுருங்குகிறது, கடக்கும் சுமையோ கூடிக்கொண்டே போகிறது. உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். 20 மி.மீ. கவர், 16 மி.மீ. கம்பி இரு திசையிலும் என்றால் சராசரிப் பயனுறு ஆழம் 190 மி.மீ. இந்தியக் கான்கிரீட் விதியான ஐஎஸ் 456 சொல்கிறபடி தூணின் முகத்தில் இருந்து அந்த ஆழத்தில் பாதி தள்ளிச் சோதிக்க வேண்டும். அந்தச் சுற்றுக்கு உள்ளே இருக்கும் சுமையைக் கழித்தால் கடப்பது 812 கிலோநியூட்டன். தூணுக்குக் கடத்தப்படும் சமனற்ற திருப்புமையின் பங்காக முதல் சுற்றில் 1.15 மடங்கு எடுத்துக்கொள்கிறேன்.

```
u  = 4 × (400 + 190) = 2360 mm
v  = 1.15 × 812000 / (2360 × 190) = 2.08 N/mm²
vc = 0.25 × √30 = 1.37 N/mm²
```

கான்கிரீட் தாங்குவது 1.37, வருவது 2.08. அதாவது ஒன்றரை மடங்கு. உங்கள் ஸ்லாப் 7 மீட்டருக்கு 7 மீட்டர் விரிந்திருந்தாலும் அதன் உயிர் இந்த 2.36 மீட்டர் சுற்றளவில் இருக்கிறது.

---

மூன்றாம்_மாடி எழுதியது:

நான் களத்தில் வேலை பார்ப்பவன். என் அனுபவத்தில் இதற்கு எளிய வழி கான்கிரீட் தரத்தைக் கூட்டுவதுதான். எம்30க்குப் பதில் எம்40 போடுங்கள். அப்படியும் போதவில்லை என்றால் தூணை 600 ஆக்குங்கள். டிராப் என்பது தூணடியில் மேல்கம்பியைக் குறைப்பதற்காக வைப்பது. அங்கே வளைவுத் திருப்புமை அதிகம், ஆழம் கூடினால் கம்பி மிச்சமாகும். பஞ்சிங்குக்காக என்று தனியாக டிராப் வைப்பதில்லை.

---

பழைய_சாரம் எழுதியது:

மூன்றாம்_மாடி சொல்வதில் பாதி முற்றிலும் சரி. டிராப் தூணடியில் மேல்கம்பியைக் குறைக்கிறது, ஸ்லாபின் விறைப்பைக் கூட்டித் தொய்வையும் கொஞ்சம் குறைக்கிறது. ஆனால் அது பிறந்த காரணம் வெட்டுதான். 1906இல் மினியாபொலிஸில் டர்னர் கட்டிய காளான் ஸ்லாபிலேயே தூணின் தலை விரிந்துதான் இருந்தது. 1908இல் சுவிட்சர்லாந்தில் மயார் செய்த சோதனைகளிலும் அப்படித்தான். பீமை எடுத்துவிட்ட உடனேயே தூணும் ஸ்லாபும் சேரும் இடம்தான் பலவீனம் என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது.

மற்ற இரண்டு யோசனைகளையும் எண்ணில் பார்ப்போம். கான்கிரீட்டின் வெட்டு வலு அதன் அழுத்த வலுவின் வர்க்கமூலத்தோடுதான் ஏறுகிறது. எம்30ஐ எம்40 ஆக்கினால் 1.37 என்பது 1.58 ஆகும், அவ்வளவுதான். எம்60 போட்டாலும் 1.94. நமக்குத் தேவை 2.08. தரத்தை மட்டும் வைத்து இதைக் கடக்க வேண்டுமானால் எம்70க்குப் போக வேண்டும், அதுவும் ஸ்லாப் முழுவதற்கும்.

தூணை 600 ஆக்கினால் சுற்றளவு 3160 மி.மீ. ஆகிறது, அழுத்தம் 1.55. இன்னும் தோல்விதான். 700 × 700 ஆக்கினால்தான் ஏறத்தாழ எல்லையைத் தொடுகிறது. ஒவ்வொரு தளத்திலும் 700 மி.மீ. தூணை நிறுத்தக் கட்டடக் கலைஞர் சம்மதிப்பாரா என்பது உங்களுக்கே தெரியும்.

---

தளமட்டம் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. கம்பியைக் கூட்டினால்? தூணின் மேல் உள்ள மேல்கம்பியை இரட்டிப்பாக்கினால் வெடிப்பு திறக்காமல் பிடித்துக்கொள்ளும் அல்லவா? ஸ்லாபைத் தடிப்பாக்குவது பற்றியும் சொல்லுங்கள். 250 போதுமா?

---

பழைய_சாரம் எழுதியது:

தடிப்பில் தொடங்குகிறேன், ஏனென்றால் டிராப் எதற்கு என்பதை இந்தக் கணக்குதான் எனக்குப் புரியவைத்தது. 250 அல்ல, 300 ஆக்கிப் பாருங்கள். ஆழம் 265 ஆகிறது, சுற்றளவும் கொஞ்சம் நீள்கிறது. ஆனால் ஸ்லாப் தன் சொந்த எடையையும் சுமந்தாக வேண்டும். காரணிச் சுமை 16.7இல் இருந்து 19.5க்கு ஏறுகிறது. அழுத்தம் 1.55 வருகிறது, இன்னும் தோல்வி. 325இல் 1.43, அதுவும் தோல்வி. 340இல்தான் 1.36 வந்து ஒருவாறு தேறுகிறது. அதாவது 115 மி.மீ. கூடுதல் தடிப்பு. ஒரு பேனலுக்கு 5.6 கன மீட்டர் கூடுதல் கான்கிரீட், ஏறத்தாழ 14 டன். இந்த எடை தூணுக்கும் அஸ்திவாரத்துக்கும் தளத்துக்குத் தளம் இறங்கிக்கொண்டே போகும்.

இப்போது ஸ்லாப் 225ஆகவே இருக்கட்டும். தூணைச் சுற்றி 2.4 மீட்டர் சதுரத்துக்கு மட்டும் கீழே 100 மி.மீ. டிராப் தருவோம். அங்கே மொத்தத் தடிப்பு 325, ஆழம் 290. தூணடியில் அழுத்தம் 1.20, எல்லை 1.37. தேறிவிட்டது. இதற்கு ஆன கூடுதல் கான்கிரீட் 0.58 கன மீட்டர், ஏறத்தாழ ஒன்றரை டன். 14 டன்னைச் சுமந்து பெற்ற பலனை இங்கே ஒன்றரை டன்னில் பெற்றுவிட்டோம், ஏனென்றால் ஆழம் தேவைப்படுகிற இடத்தில் மட்டும் ஆழத்தைக் கொடுத்திருக்கிறோம்.

கம்பி பற்றி: ஐஎஸ் 456இன் பஞ்சிங் சூத்திரத்தில் கம்பியின் அளவு இடம்பெறுவதே இல்லை. ஐரோப்பிய விதியான யூரோகோடு அதைக் கணக்கில் எடுக்கிறது, ஆனால் கனமூலமாக. கம்பியை இரட்டித்தால் வலு 26 சதவீதம்தான் ஏறும். உங்களுக்கு வேண்டியது 52 சதவீதம். இன்னொரு ஆபத்தும் உண்டு. மேல்கம்பி அதிகமானால் ஸ்லாப் வளைந்து, தொய்ந்து, வெடித்து எச்சரிக்கை தருவதற்கு முன்பே வெட்டில் அறுந்துவிடும். அந்தத் தோல்வி நொடியில் முடிந்துவிடுகிறது.

---

முகில்வரை எழுதியது:

கட்டடக் கலைஞர்கள் சார்பில் பேசுகிறேன். டிராப் என்றால் அழகுக்காக மறுக்கிறோம் என்று நினைக்காதீர்கள். 2.4 மீட்டர் சதுரம் என்பது மிகப் பெரிது. குழாய்களின் பாதை, விளக்குகளின் மட்டம், தீயணைப்புத் தெளிப்பான்களின் இடம் எல்லாமே அதைச் சுற்றி வளைய வேண்டும். சென்ட்ரிங் வேலையிலும் சமதளப் பலகையைப் பரப்புவதற்கும் ஒவ்வொரு தூணிலும் ஒரு படி இறக்குவதற்கும் உள்ள வேறுபாடு எல்லோருக்கும் தெரியும். டிராப் சிறியதாக இருந்தால் நாங்கள் ஏற்றுக்கொள்வோம். 600 × 600 டிராப் போட்டால் என்ன? தூணைவிடப் பக்கத்துக்கு 100 மி.மீ. தான் கூடுதல், கண்ணில்கூடப் படாது.

---

மூன்றாம்_மாடி எழுதியது:

நானும் இதைத்தான் கேட்க நினைத்தேன். வெடிப்பு தூணின் முகத்தில் தொடங்குகிறது என்றால் அந்த முகத்தில் மட்டும் ஆழம் இருந்தால் போதாதா?

---

பழைய_சாரம் எழுதியது:

போதாது. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். டிராப் போட்ட ஸ்லாபில் சோதனை ஒன்று அல்ல, இரண்டு. தூணைச் சுற்றி டிராப்பின் ஆழத்தோடு ஒன்று, டிராப்பின் விளிம்பைச் சுற்றி ஸ்லாபின் ஆழத்தோடு இன்னொன்று. தூணடியில் வழி அடைபட்டால் வெடிப்பு அடுத்த பலவீனமான வளையத்தைத் தேடிப் போகும். டிராப்பின் விளிம்பில் ஆழம் திடீரென்று 290இல் இருந்து 190க்குக் குறைகிறது, அங்கே போய்த் திறக்கும்.

600 டிராப்பின் விளிம்பில் கணக்கிட்டால் முன்பு 600 மி.மீ. தூணுக்கு வந்த அதே 1.55 வருகிறது. தோல்விதான். 900 × 900 ஆக்கினால் விளிம்பில் 1.11, தேறுகிறது. எனவே முகில்வரைக்கு நல்ல செய்தி: பஞ்சிங் மட்டும்தான் பிரச்சினை என்றால் 2.4 மீட்டர் தேவையில்லை, 900 போதும். ஆனால் அந்தச் சிறிய தடிப்பை மேல்கம்பிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. டிராப்பின் ஆழத்தை வளைவுக்கும் பயன்படுத்திக் கம்பியைக் குறைக்க வேண்டுமானால் அது பேனல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், நமக்கு 2.33 மீட்டர். அந்த நீளம் இல்லாவிட்டால் 225 மி.மீ. ஸ்லாப் என்றே வைத்துக் கம்பி போடுங்கள். மென்பொருளில் டிராப்பை வரைந்துவிட்டால் அது தானாகவே ஆழத்தை எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொள்ளும். அங்கே கவனம் வேண்டும்.

பெரிய டிராப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2.4 மீட்டர் டிராப்பின் விளிம்பில் அழுத்தம் வெறும் 0.41தான். எல்லை 1.37 என்று ஒப்பிட்டுத் தாராளமாக இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். ஆனால் 1.37 என்பது தூணைப் போன்ற சிறிய சுற்றளவுக்கு உரிய எண். அங்கே எல்லாப் பக்கமும் இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் கான்கிரீட்டுக்கு அவ்வளவு வலு கிடைக்கிறது. பத்து மீட்டர் நீளச் சுற்றளவு என்பது ஏறத்தாழ ஒரு நேர்கோடு மாதிரி. அங்கே சாதாரண ஸ்லாபின் வெட்டு வலுவோடு ஒப்பிடுவதுதான் நேர்மை. எம்30, 0.4 சதவீதக் கம்பி என்றால் அது 0.45, ஸ்லாப் தடிப்புக்கான சலுகையையும் சேர்த்தால் 0.5ஐக் கொஞ்சம் தாண்டும். தேறுகிறது, ஆனால் தாராளமாக அல்ல.

---

தளமட்டம் எழுதியது:

மிகத் தெளிவாக இருக்கிறது. அப்படியானால் தூண் தலை எப்போது, டிராப் எப்போது? தூண் தலையை 45 பாகையில் விரித்தால் டிராப்பே வேண்டாமா?

---

பழைய_சாரம் எழுதியது:

இரண்டும் ஒரே பின்னத்தின் கீழ்ப்பகுதியைத்தான் பெரிதாக்குகின்றன. டிராப் முக்கியமாக ஆழத்தைக் கூட்டுகிறது, தூண் தலை சுற்றளவை மட்டும் கூட்டுகிறது. 400 தூணின் மேல் முனையை 800 ஆக விரித்தால் ஸ்லாபுக்கு அது 800 தூணாகவே தெரியும். கணக்கு 1.23 வருகிறது, தேறுகிறது. தூண் பக்கத்துக்கு 200 மி.மீ. விரிய வேண்டும், எனவே தலையின் உயரம் 200 மி.மீ.யாவது வேண்டும். 100 மி.மீ. உயரத்தில் 200 விரித்துவிட்டு 800 என்று கணக்கெழுத முடியாது. தலைக்குள் அடங்கக்கூடிய 90 பாகை உச்சிக்கோணக் கூம்புக்கு உட்பட்ட பகுதியை மட்டும்தான் விதி ஏற்கிறது, அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உதடு சுமையைக் கடத்துவதில்லை.

பயன்பாட்டுச் சுமை மிக அதிகமான கிடங்குகளில் தலை, டிராப் இரண்டையும் சேர்த்தே போடுவார்கள். உங்கள் கட்டடத்துக்கு ஏதாவது ஒன்று போதும். குழாய்கள் தூணை ஒட்டிப் போகின்றன என்றால் 900 மி.மீ. சதுரத்தில் 100 மட்டுமே இறங்கும் தடிப்பு, 200 இறங்கும் தலையைவிட இடைஞ்சல் குறைவு. நான் அதையே எடுப்பேன்.

---

செங்கோணம் எழுதியது:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். வெட்டுக் கம்பியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. தூணைச் சுற்றி ஸ்டட் ரெயில்களை வைத்தால் அடிப்பக்கம் முழுச் சமதளமாகவே இருக்கும், முகில்வரையும் மகிழ்வார். இன்று பல கட்டடங்களில் இதுதான் வழக்கம். டிராப் மட்டுமே வழி என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

---

பழைய_சாரம் எழுதியது:

செங்கோணம், ஸ்டட் நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் மேல்வரம்பு இருக்கிறது. ஐஎஸ் 456இன்படி அழுத்தம் கான்கிரீட்டின் வலுவைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் வெட்டுக் கம்பி போட்டுத் தப்பிக்க முடியாது, ஸ்லாபையே மாற்றி வடிவமைக்க வேண்டும். நமக்கு 2.08ஐ 1.37ஆல் வகுத்தால் 1.52. வாசலில் நிற்கிறது. தூணை 450 ஆக்கினால் 1.40க்கு இறங்கி ஸ்டட்டுக்கு இடம் கிடைக்கும். அப்போது தூணின் முகத்தில் இருந்து அரை மீட்டருக்கு மேல் ஸ்டட் வரிசைகள் ஓட வேண்டும், ஏனென்றால் கான்கிரீட்டின் வலுவில் பாதிக்கு அழுத்தம் குறையும் சுற்று வரை கம்பியை நீட்டச் சொல்கிறது விதி.

---

செங்கோணம் எழுதியது:

அந்த 1.52ஐ நான் ஏற்கவில்லை. 1.15 என்ற பெருக்கல் யூரோகோடில் உள் தூணுக்குச் சொல்லும் தோராயம். ஐஎஸ் 456 அப்படிச் சொல்லவில்லை, திருப்புமையைத் தனியாகக் கணக்கிட்டு அதன் ஒரு பங்கை வெட்டாகச் சேர்க்கச் சொல்கிறது. ஒரு விதியின் காரணியை எடுத்து இன்னொரு விதியின் எல்லையோடு ஒப்பிட்டால் வரும் எண்ணுக்கு என்ன பொருள்? திருப்புமை இல்லாமல் உங்கள் அழுத்தம் 1.81, விகிதம் 1.32. சம இடைவெளித் தூண்கள், சமச் சுமை. உண்மைக் கணக்கு 1.45இல் நிற்கலாம். 400 தூணிலேயே ஸ்டட் போட்டுவிடலாம்.

---

பழைய_சாரம் எழுதியது:

முறையாகக் கணக்கிட்டால் குறையலாம் என்பதை ஏற்கிறேன். முதல் சுற்றுக்கு மட்டுமே 1.15 என்று தொடக்கத்திலேயே சொன்னேன். ஆனால் பயன்பாட்டுச் சுமை ஒரு பேனலில் இருந்து அடுத்த பேனலில் இல்லாத நிலையையும் தளமட்டம் போட்டுப் பார்க்க வேண்டும், அப்போது திருப்புமை ஏறும். 1.45இல் எல்லைக்குள் வந்துவிட்டது என்பதற்காக வரம்பின் விளிம்பில் ஒரு கட்டடத்தை நிறுத்த எனக்கு மனம் வராது. பஞ்சிங்கில் ஒரு தூண் தோற்றால் அதன் சுமை பக்கத்துத் தூண்களுக்குப் போகிறது, அவையும் அதே எல்லையில் நிற்கின்றன.

---

செங்கோணம் எழுதியது:

விதி தரும் எல்லைக்குள்ளேயே பாதுகாப்புக் காரணி இருக்கிறது. அதன்மேல் இன்னொரு அச்சக் காரணியைச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இதில் நாம் வேறுபடுகிறோம்.

---

மூன்றாம்_மாடி எழுதியது:

இந்த வாதத்தில் களத்தைப் பற்றியும் ஒரு சொல். நீங்கள் 190 ஆழம் என்று எழுதுகிறீர்கள். கான்கிரீட் ஊற்றும்போது கம்பியின் மேல் ஆட்கள் நடக்கிறார்கள், குழாய் இழுக்கிறார்கள். மேல்கம்பி இறங்கிவிடுகிறது. அதைத் தாங்கும் சேர் பலவீனமாக இருந்தால் 20, 25 மி.மீ. இறங்குவதை நான் அளந்து பார்த்திருக்கிறேன்.

---

பழைய_சாரம் எழுதியது:

இது மிக முக்கியமான செய்தி, மூன்றாம்_மாடி. 25 மி.மீ. இறங்கினால் ஆழம் 165 ஆகும், சுற்றளவும் சுருங்கும். அழுத்தம் 2.08இல் இருந்து 2.51க்குத் தாவும், 20 சதவீதக் கூடுதல். செங்கோணம் சொல்லும் 1.45 விகிதத்தில் நிற்கும் ஸ்லாபில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டிராப் போட்ட இடத்திலோ ஆழம் 290இல் இருந்து 265க்குக் குறையும், அழுத்தம் 1.35 வரை வரும், இன்னும் 1.37க்குள் இருக்கும். தடிப்பான இடம் களத்தின் பிழையைப் பொறுத்துக்கொள்கிறது, மெல்லிய ஸ்லாப் பொறுப்பதில்லை.

1981இல் ஃபுளோரிடாவின் கோகோ பீச்சில் கட்டிக்கொண்டிருந்த ஹார்பர் கே என்ற ஐந்து மாடிக் கட்டடம் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். விசாரணையில் இரண்டு செய்திகள் வெளிவந்தன. வடிவமைப்பில் பஞ்சிங் சோதனையே செய்யப்படவில்லை, மேல்கம்பியைத் தாங்கிய சேர்களும் உயரம் குறைந்தவை. வரைபடத்தில் விடுபட்ட ஒன்றும் களத்தில் குறைந்த ஒன்றும் ஒரே தூணடியில் சந்தித்தன.

---

ஈரக்கல் எழுதியது:

ஐயா, நான் பொறியாளன் அல்ல, பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் எங்கள் கட்டடம் நினைவுக்கு வந்தது. பீம் இல்லாத ஸ்லாப், டிராப்பும் கிடையாது, தூண் ஏறத்தாழ 400 சதுரம்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தூணை ஒட்டி இரண்டு எதிர்ப் பக்கங்களில் 150 மி.மீ. அளவில் துளை போட்டுக் கழிவுநீர்க் குழாய் இறக்கினார்கள். சென்ற வாரம் தரை ஓடுகளை எடுத்தபோது தூணின் மூலைகளில் இருந்து வெளிப்பக்கமாகச் சில வெடிப்புகள் தெரிந்தன. தூணில் இருந்து ஒன்றரை அடி தள்ளி வளைவாக ஒரு கோடும் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் சுருக்க வெடிப்பு, பூசிவிடலாம் என்கிறார். பூசிவிடலாமா?

---

நீலவரைவு எழுதியது:

துளைகளைக் கான்கிரீட்டால் அடைத்துவிட்டால் பழைய வலு திரும்பிவிடும் என்று நினைக்கிறேன்.

---

பழைய_சாரம் எழுதியது:

ஈரக்கல், பூச வேண்டாம். இன்றே செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன். அந்தத் தூணைச் சுற்றி ஸ்லாபுக்குக் கீழே முட்டு கொடுங்கள், அதற்குக் கீழ்த் தளத்திலும் அதே இடத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் முட்டின் சுமையைக் கீழ் ஸ்லாப் வாங்கிக்கொள்ளும். மேலே உள்ள பொருள்களை அகற்றுங்கள், ஆட்களை அங்கே வேலை செய்ய விடாதீர்கள். பிறகு கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை நேரில் வரவழையுங்கள்.

மூலைகளில் இருந்து கதிர்போல் ஓடும் வெடிப்புகள் மட்டும் இருந்தால் நான் இவ்வளவு அவசரப்பட மாட்டேன். அவை பெரும்பாலும் வளைவால் வருபவை, ஃபிளாட் ஸ்லாபில் அரிதல்ல. என்னைக் கவலைப்படுத்துவது அந்த வளைகோடு. நான் முதலில் சொன்ன சாய்ந்த வெடிப்பு 225 மி.மீ. தடிப்புள்ள ஸ்லாபின் மேற்பரப்பில் வெளிவரும் தூரம் தூணில் இருந்து ஏறத்தாழ 320 முதல் 480 மி.மீ. உங்கள் ஒன்றரை அடியோடு அது பொருந்துகிறது. ஒரு நேரான மட்டப்பலகையைக் கோட்டின் குறுக்கே வையுங்கள். தூண் பக்கத்தைவிட வெளிப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் அது சுருக்க வெடிப்பு அல்ல. சமமாக இருந்தால் எனக்குத் தெரியாது, படத்தை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லவும் கூடாது.

1995இல் சியோலின் சாம்பூங் கடைவளாகத்தில் மேல்தளத் தூணைச் சுற்றி வெடிப்புகள் இருந்ததை அன்று காலையிலேயே பார்த்திருந்தார்கள். மாலையில் கட்டடம் விழுந்து 502 பேர் இறந்தார்கள். அதுவும் ஃபிளாட் ஸ்லாப். பஞ்சிங் வெடிப்பு எப்போதும் மேற்பரப்பில் திறக்கிறது, அதன்மேல் தரை ஓடுகளும் கம்பளமும் இருக்கின்றன. கீழே நின்று கூரையைப் பார்ப்பவருக்கு அது கடைசி வரை தெரிவதில்லை.

நீலவரைவுக்கு: துளைகள் ஒவ்வொன்றும் சுற்றளவில் அதன் அகலத்தைவிட அதிகமாகவே தின்னும். தூணின் மையத்தில் இருந்து துளையின் இரு ஓரங்களுக்கும் கோடு இழுத்தால் அவற்றுக்கு நடுவே அடங்கும் சுற்றளவு முழுவதையும் கழிக்க வேண்டும். தூணை ஒட்டிய 150 மி.மீ. சதுரத் துளைக்கு அது 220 மி.மீ. வரும். இரண்டுக்கு 440, அதாவது 2360இல் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. துளையிட்டபோது மேல்கம்பியும் அறுபட்டிருக்கும், அதைக் கான்கிரீட்டால் அடைத்துத் திருப்ப முடியாது.

---

செங்கோணம் எழுதியது:

ஈரக்கல் விஷயத்தில் பழைய_சாரம் சொல்வதை அப்படியே செய்யுங்கள். பொறியாளர் வந்ததும் ஒன்றைக் கேளுங்கள்: கீழ்க்கம்பிகள் தூணுக்குள் தொடர்ந்து ஓடுகின்றனவா? வெட்டு நடந்தபின் மேல்கம்பி கவரைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிடும், பிடிக்காது. தூணுக்குள் புகுந்து செல்லும் கீழ்க்கம்பிதான் ஸ்லாபைத் தொங்கவிட்டுப் பிடிக்கும். அமெரிக்க விதி ஒவ்வொரு திசையிலும் குறைந்தது இரண்டு கேட்கிறது. பழைய கட்டடங்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை.

---

ஈரக்கல் எழுதியது:

முட்டு கொடுத்துவிட்டோம். மட்டப்பலகை வைத்தேன், ஒரு பக்கத்தில் ஏதோ தாழ்வு இருப்பதுபோல் தெரிகிறது, ஆனால் பழைய சாந்து ஒட்டியிருப்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பொறியாளர் நாளை வருகிறார். சரிசெய்ய வேண்டுமானால் அடியில் புதிதாகத் தூண் தலை கட்ட முடியுமா?

---

பழைய_சாரம் எழுதியது:

கட்டலாம். தூணைச் சுற்றி இரும்புக் கழுத்துப் பட்டையோ கான்கிரீட் தலையோ அமைத்துச் சுற்றளவைப் பெரிதாக்குவார்கள். சிக்கல் இரண்டு. புதிய தலை தூணோடு வழுக்காமல் பிடித்திருக்க வேண்டும், அதற்கு அடைப்பாணிகளும் தூணின் பரப்பைச் சொரசொரப்பாக்குவதும் தேவை. இரண்டாவது, தலை ஸ்லாபின் அடிப்பக்கத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். கான்கிரீட் ஆறும்போது சுருங்கி ஒரு மெல்லிய இடைவெளி விட்டுவிடும், எனவே சுருங்காத கிரவுட்டை அங்கே செலுத்த வேண்டும். அதற்கு முன் முட்டுகளை ஜாக்கியால் சற்று இறுக்கி ஸ்லாபின் சுமையை வாங்கிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் புதிய தலை இனிமேல் வரும் சுமையை மட்டும்தான் தாங்கும். ஏற்கெனவே சாய்வு வெடிப்பு முழுவதும் ஓடிவிட்டதா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் இது போதுமா என்று சொல்ல முடியும். அதை நாளை அவர் பார்த்துச் சொல்லட்டும்.

---

தளமட்டம் எழுதியது:

ஈரக்கல்லின் கட்டடத்தில் என்ன தெரியவந்தது என்பதை இங்கேயே எழுதுங்கள், எதிர்பார்த்திருப்பேன்.

என் பக்கம்: 900 சதுரம், 100 மி.மீ. இறக்கம் என்று கட்டடக் கலைஞரிடம் காட்டினேன். உள் தூண்களுக்கு ஒப்புக்கொண்டார். மேல்கம்பியை 225 தடிப்புக்கே போட்டிருக்கிறேன். ஓரத் தூண்களில் அவர் இன்னும் மறுக்கிறார், கண்ணாடி முகப்புக்குப் பின்னால் தடிப்பு தெரியும் என்கிறார். அங்கே சுமை பாதிதானே, தடிப்பு இல்லாமல் விடலாமா?

---

பழைய_சாரம் எழுதியது:

சுமை பாதி, ஆனால் சுற்றளவு மூன்று பக்கம்தான், அதிலும் திருப்புமை மிகப் பெரிது. அதே யூரோகோடுத் தோராயம் ஓரத்துக்கு 1.4, மூலைக்கு 1.5 என்கிறது. செங்கோணம் இதை ஏற்க மாட்டார், எனவே திருப்புமையை முறையாகக் கணக்கிட்டு எண்களை இங்கே போடுங்கள். ஸ்லாப் தூணின் வெளி முகத்தோடு முடிகிறதா, அதைத் தாண்டி நீள்கிறதா என்பதையும் எழுதுங்கள். 300 மி.மீ. வெளியே நீட்ட முடிந்தாலே சுற்றளவு கணிசமாகக் கூடும்.